ரிசல்ட் ஸ்கிரீன்ஷாட்டைப் படிப்பது எப்படி: கிரேடு, ரேங்க், அப்புறம் அந்தத் ‘தற்காலிக’ என்ற சொல்

மே மாதம் பிறந்துவிட்டால் எங்கள் நெட் சென்டரில் பாதிப் பேர் ஃபோனை நீட்டிக்கொண்டுதான் உள்ளே வருவார்கள். "அண்ணே, இது என்ன போட்டிருக்குன்னு கொஞ்சம் பாருங்க." பார்த்தால் ஒரு ஸ்கிரீன்ஷாட். மகள் அப்பாவுக்கு அனுப்பியது, அப்பா சித்தப்பாவுக்கு அனுப்பியது, சித்தப்பா குடும்பக் குழுவில் போட்டது. அதற்குள் படத்தின் ஓரம் வெட்டுப்பட்டு, எந்தத் தளம், எந்தத் தேதி என்பது காணாமல் போயிருக்கும்.

போன வருடம் வந்த ஒரு குடும்பத்தின் படங்களை வைத்து இதை விளக்குகிறேன். பெண் சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்பு. பொறியியல் சேர தமிழ்நாடு அரசின் ஒற்றைச்சாளரக் கலந்தாய்வுக்கு, அதாவது டி.என்.இ.ஏ.வுக்கு, விண்ணப்பித்திருந்தாள். மே முதல் ஆகஸ்ட் வரை நான்கு படங்கள் வந்தன. முதல் படத்தில் கிரேடு, இரண்டாவதில் ரேங்க், மூன்றாவதிலும் நான்காவதிலும் ‘தற்காலிக’ என்று நாம் மொழிபெயர்க்கும் சொற்கள். ஆள் தெரியக் கூடாது என்பதற்காக எண்களை எல்லாம் மாற்றியிருக்கிறேன், கணக்கு முறை மட்டும் அப்படியே.

முதலில் படத்தின் ஓரங்களைப் பாருங்கள்

எல்லோரும் நேராக மதிப்பெண்ணுக்குத்தான் போவார்கள். நான் முதலில் மேலே இருக்கும் முகவரியைப் பார்ப்பேன். சி.பி.எஸ்.இ. முடிவு வரும் இடம் `results.cbse.nic.in`. கலந்தாய்வு நடக்கும் இடம் `tneaonline.org`. படத்தில் இரண்டும் இல்லாமல், செய்தித் தளம் ஒன்றின் பெயரோ யாரோ செய்த ஆப்பின் பெயரோ இருந்தால், அதிலுள்ள எண் சரியாகவும் இருக்கலாம். ஆனால் அதை நம்பி ஒரு ரூபாய் கூடக் கட்டக் கூடாது.

சந்தேகம் வந்தால் படத்தை எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும் தீராது. படத்தை மூடிவிட்டு, தேர்வு எண், பள்ளி எண், அட்மிட் கார்டு எண், பிறந்த தேதி எல்லாம் கையில் எடுத்துக்கொண்டு, நீங்களே தளத்தில் போட்டுப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை. டிஜிலாக்கர் கணக்கு இருந்தால் இன்னும் நல்லது. அங்கே வருவது வாரியமே வெளியிடும் டிஜிட்டல் மதிப்பெண் பட்டியல், அதற்குச் சட்டப்படி மதிப்பு உண்டு. ரிசல்ட் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் வேறு கதை எழுதியிருக்கும். இது உடனடித் தகவலுக்காக மட்டும், மதிப்பெண் பட்டியலாகக் கருதக் கூடாது என்று. ஸ்கிரீன்ஷாட் எடுப்பவர்கள் முதலில் வெட்டுவது அந்த வரியைத்தான்.

இன்னொன்று. தேர்வு எண்ணும் பிறந்த தேதியும் ஒரே படத்தில் தெரிய, நூறு பேர் இருக்கும் குழுவில் போடாதீர்கள். விண்ணப்ப எண்ணும் அப்படித்தான். பகிர்ந்தே தீரவேண்டும் என்றால் அந்த மூன்றையும் மறைத்துவிட்டுப் பகிருங்கள்.

முதல் படம்: 89க்கு B1, 81க்கு A2

அந்தப் பெண்ணின் முதல் படத்தில் இருந்தது இதுதான்.

```
CODE  SUBJECT           TH   PR   MARKS  GRADE
301   ENGLISH CORE      070  019  089    B1
041   MATHEMATICS       068  020  088    A2
042   PHYSICS           051  030  081    A2
043   CHEMISTRY         057  029  086    A2
083   COMPUTER SCIENCE  062  030  092    A2
RESULT: PASS
```

அவளுடைய அப்பா கேட்டது நியாயமான கேள்வி. "இங்கிலீஷ்ல எண்பத்தொம்பது, அதுக்கு B1. பிசிக்ஸ்ல எண்பத்தொண்ணு, அதுக்கு A2. கம்ப்யூட்டர் தப்பா போட்டிருச்சா?"

தப்பில்லை. நாம் பள்ளியில் பார்த்துப் பழகிய கிரேடு வேறு. 91க்கு மேல் ஒரு எழுத்து, 81க்கு மேல் ஒரு எழுத்து என்று மதிப்பெண்ணைக் கூறு போட்டு எழுத்து கொடுப்பது அந்த வகை. கல்லூரிகளில் பெரும்பாலும் அப்படித்தான். சி.பி.எஸ்.இ. பொதுத்தேர்வில் அப்படி இல்லை. அந்தக் கடைசி நெடுவரிசைக்குத் தளத்தில் இருக்கும் முழுப்பெயர் `POSITIONAL GRADE`. பெயரிலேயே இருக்கிறது, இது மதிப்பெண்ணைச் சொல்லவில்லை, வரிசையில் இருக்கும் இடத்தைச் சொல்கிறது.

கணக்கு இப்படிப் போகும். ஒரு பாடத்தில் தேர்ச்சி பெற்றவர்களை மட்டும் மதிப்பெண் வரிசைப்படி நிற்கவைத்து, அந்த வரிசையை எட்டுப் பங்காகப் பிரிக்கிறார்கள். முதல் பங்குக்கு A1, அடுத்ததற்கு A2, பிறகு B1, B2, C1, C2, D1, கடைசிப் பங்குக்கு D2. தேர்ச்சி பெறாதவருக்கு E. ஒரு பாடத்தில் 80,000 பேர் தேறியிருந்தால் முதல் 10,000 பேருக்கு A1 என்று வைத்துக்கொள்ளுங்கள். பங்கின் எல்லையில் ஒரே மதிப்பெண்ணோடு பலர் நின்றால் அத்தனை பேருக்கும் ஒரே கிரேடுதான், அதனால் பங்குகள் கொஞ்சம் முன்பின் ஆகும்.

இப்போது அப்பாவின் கேள்விக்கு வருவோம். ஆங்கிலத்தில் தொண்ணூறுக்கு மேல் வாங்கியவர்கள் கூட்டமாக இருந்தால், 89 வாங்கியவர் மூன்றாவது பங்குக்குத் தள்ளப்படுவார், அது B1. இயற்பியலில் எண்பதைத் தாண்டியவர்களே குறைவு என்றால் 81 வாங்கியவர் இரண்டாவது பங்கில் நிற்பார், அது A2. அவள் இயற்பியலில் கூடுதலாகத் தெரிந்தவள் என்று இதற்கு அர்த்தமில்லை. அந்தப் பாடத்தை எழுதித் தேறியவர்களில் ஏறக்குறைய முதல் கால்வாசிக்குள் நிற்கிறாள், அவ்வளவுதான்.

அதனால் இரண்டு விஷயங்களைச் செய்யாதீர்கள். இந்தக் கிரேடை எண்ணாக மாற்றிச் சதவீதம் கண்டுபிடிக்காதீர்கள், A2 என்பதை வைத்து மதிப்பெண்ணைத் திரும்பக் கணக்கிடவே முடியாது. அப்புறம் போன வருடம் அக்கா வாங்கிய கிரேடோடு ஒப்பிடாதீர்கள், அது வேறு வரிசை. பொறியியல் கலந்தாய்வு கிரேடைத் திரும்பியும் பார்ப்பதில்லை, மதிப்பெண் மட்டும்தான் கணக்கு.

எழுத்துப் பகுதியையும் செய்முறையையும் தனியாகக் காட்டுவதற்கும் காரணம் உண்டு. பன்னிரண்டாம் வகுப்பில் இரண்டிலும் தனித்தனியாக 33 சதவீதம் எடுக்க வேண்டும். இயற்பியலில் செய்முறை 30க்கு 30 வாங்கி, எழுத்தில் 70க்கு 20 வாங்கினால் கூட்டுத்தொகை 50 வரும். ஆனாலும் தேர்ச்சி இல்லை. "ஐம்பது இருக்கே, எப்படி E?" என்று வருபவர்களுக்கு நான் முதலில் காட்டுவது அந்த `TH` நெடுவரிசையைத்தான்.

கடைசி வரியில் `PASS` என்று இருந்தால் கவலை இல்லை. `COMP` என்று இருந்தால் ஒரு பாடம் மட்டும் தேறவில்லை, அதே ஆண்டு துணைத்தேர்வில் எழுதிக்கொள்ளலாம். `ESSENTIAL REPEAT` என்பது பழைய ஃபெயில்தான். 2020இல் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு இதை வைத்தார்கள். `RL` என்று இருந்தால் முடிவு இன்னும் வரவில்லை, பிறகு வரும். அது ஃபெயில் இல்லை, ஆனால் காத்திருந்தால் தானாக வந்துவிடும் என்றும் இருக்க முடியாது. பள்ளியில் போய்க் கேட்க வேண்டிய சொல் அது. பெரும்பாலும் எங்கோ ஒரு தாளோ விவரமோ சேராமல் நின்றிருக்கும்.

முழு மொத்தமும் இடமும் ஏன் போடவில்லை என்று சிலர் தேடுவார்கள். சி.பி.எஸ்.இ. மாநில முதலிடம், மாவட்ட முதலிடம் என்று தகுதிப் பட்டியல் வெளியிடுவதில்லை. அந்த வாரியத்தின் ரிசல்ட் பக்கம் என்று சொல்லி அகில இந்திய ரேங்கோடு ஒரு படம் வந்தால், யாரோ உட்கார்ந்து செய்த படம் அது.

இரண்டாவது படம்: எந்த வரிசையில் எத்தனையாவது ஆள்?

ஜூன் கடைசியில் அடுத்த படம் வந்தது. இந்த முறை கலந்தாய்வுத் தளம். அதில் கட்‑ஆஃப் 171.50, பொது ரேங்க் 58,214, பிரிவு BC, பிரிவு ரேங்க் 24,907. குடும்பக் குழுவில் அதற்குள் துக்கம் விசாரிக்க ஆரம்பித்திருந்தார்கள். "அம்பத்தெட்டாயிரமா? போச்சு."

கட்‑ஆஃப் எப்படி வந்தது என்பதை நீங்களே சரிபார்க்க முடியும், சரிபார்த்தே ஆகவேண்டும். கணிதம் முழுதாக 100க்கு, இயற்பியல் 50க்கு, வேதியியல் 50க்கு, ஆக 200.

```
88 + (81 ÷ 2) + (86 ÷ 2) = 88 + 40.5 + 43 = 171.5
```

ஆங்கிலமும் கணினி அறிவியலும் இதில் இல்லை. அந்த 92 இங்கே எதற்கும் உதவவில்லை.

மாநில வாரியம் அல்லாமல் வேறு வாரியத்தில் படித்தவர்களுக்கு ஒரு கூடுதல் படி உண்டு. தமிழ்நாட்டின் 2006ஆம் ஆண்டுச் சட்டம் நுழைவுத் தேர்வை நீக்கியபோது, வாரியங்களுக்கு இடையில் மதிப்பெண்ணைச் சமன் செய்யும் முறையையும் வைத்தது. ஒரு பாடத்தில் மாநில வாரியத்தின் உச்ச மதிப்பெண் 100, இன்னொரு வாரியத்தின் உச்சம் 90 என்றால், அந்த 90ஐ 100க்குச் சமமாக எடுத்துக்கொள்வார்கள். அங்கே 60 வாங்கியவருக்கு 66.66 ஆகும். இரண்டு வாரியத்திலும் யாராவது ஒருவர் 100 வாங்கியிருந்தால் மாற்றமே இருக்காது. இந்தப் பெண்ணுக்கு மாற்றம் எதுவும் இல்லை, கைக்கணக்கும் படமும் ஒத்துப்போயின. ஒத்துப்போகாவிட்டால் முதலில் பார்க்க வேண்டியது விண்ணப்பத்தில் ஏற்றிய மதிப்பெண் சரியா என்று. இயற்பியலும் வேதியியலும் இடம் மாறி ஏறியிருந்தால் கட்‑ஆஃப் மாறாது, ஏனென்றால் இரண்டும் பாதி பாதிதான். ஆனால் ரேங்க் மாறிவிடும். காரணம் சொல்கிறேன்.

மேலே இருக்கும் கணக்கைப் பாருங்கள். கட்‑ஆஃப் சமன் செய்ததில் மதிப்பெண் மாறாதவரை அரை அரையாகத்தான் நகரும். 200, 199.5, 199 என்று. 200இலிருந்து 80 வரை எண்ணினால் மொத்தம் 241 படிகள்தான். விண்ணப்பிப்பவர்களோ ஏறக்குறைய இரண்டு லட்சம் பேர், சில ஆண்டுகளில் அதற்கும் மேல். சராசரியாகப் பார்த்தாலே ஒரு படியில் எண்ணூறு பேர் நிற்கிறார்கள், கூட்டம் அதிகமான நடுப்படிகளில் இன்னும் கூடுதல். 171.5 என்று ஒரே கட்‑ஆஃப் வாங்கிய இருவருக்கு நடுவில் ஆயிரம் ரேங்க் வித்தியாசம் வருவது இதனால்தான். அதில் முறைகேடு ஏதும் இல்லை.

ஒரே படியில் நிற்பவர்களை எப்படி முன்பின் வைப்பது? முதலில் கணித மதிப்பெண் அதிகம் உள்ளவர். அதுவும் சமமானால் இயற்பியல். இப்படி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போய், பிறந்த தேதிக்கு வரும்போது வயதில் மூத்தவருக்கு முன்னிடம். அதிலும் பிரியாவிட்டால் ஆரம்பத்தில் எல்லோருக்கும் ஒதுக்கிய ரேண்டம் எண் வரும். பெரிய எண் உள்ளவர் முன்னால். அந்த எண் வெளியாகும் நாளில் "என் நம்பர் நல்லாயிருக்கா?" என்று ஜாதகம் கேட்பது போல வருவார்கள். அது கடைசிக் கதவு, பெரும்பாலானோர் அதுவரை போவதே இல்லை. இயற்பியல் மதிப்பெண் தவறாக ஏறினால் ரேங்க் மாறும் என்று சொன்னது இந்த வரிசையால்தான்.

இனி 58,214. இது எல்லாப் பிரிவினரையும் சேர்த்து நிற்கவைத்த வரிசையில் அவளுடைய இடம். 24,907 என்பது BC பிரிவினர் மட்டும் நிற்கும் வரிசையில் இடம். இரண்டில் எது ‘உண்மையான’ ரேங்க் என்று கேட்பார்கள். இரண்டும்தான். பொது ரேங்க் எதற்கு என்றால், உங்கள் முறை எப்போது வரும் என்பதற்கு. இட ஒதுக்கீடு பொது ரேங்க் வரிசைப்படிதான் ஆள் ஆளாக நகரும். முறை வந்ததும் அவர் கொடுத்த விருப்பப் பட்டியலில் முதல் கல்லூரியை எடுத்து, அங்கே பொதுப்பிரிவில் இடம் உண்டா என்று பார்ப்பார்கள். இல்லையென்றால் அவருடைய பிரிவுக்கான இடம் உண்டா என்று பார்ப்பார்கள். அதுவும் இல்லையென்றால் அடுத்த விருப்பம். பிரிவு ரேங்க் எதற்கு என்றால், அந்தப் பிரிவு இடங்களுக்கு உங்களுக்கு முன்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று மதிப்பிடுவதற்கு. மொத்த இடங்களில் பொதுப்பிரிவு 31 சதவீதம், BC 26.5 சதவீதம். அதனால் பொதுப்பிரிவு இடங்கள் தீர்ந்த கல்லூரியிலும் அவளுக்கு வாய்ப்பு இருந்தது.

அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கான ரேங்க் தனியாக இருக்கும். அது மூன்றாவது வரிசை. படத்தில் ஒரு ரேங்கை மட்டும் வெட்டி அனுப்பியிருந்தால், எந்த வரிசையின் எண் என்று கேட்காமல் வாழ்த்தவும் வேண்டாம், வருந்தவும் வேண்டாம்.

இந்த ரேங்கும் வெளியான அன்றே கல்வெட்டு ஆகிவிடுவதில்லை. பட்டியல் வந்த பிறகு சில நாட்கள் குறைதீர்க்கும் காலம் உண்டு. பிரிவு தவறாக இருக்கிறது, மதிப்பெண் தவறாக இருக்கிறது, பெயரே இல்லை என்றால் அந்த நாட்களுக்குள் டி.என்.இ.ஏ. சேவை மையத்தில் சொல்ல வேண்டும். சி.பி.எஸ்.இ.யில் மறுமதிப்பீடு கேட்டு மதிப்பெண் மாறியிருந்தாலும் அங்கேதான் போக வேண்டும். மறுமதிப்பீட்டில் மதிப்பெண் ஏறவும் செய்யும், இறங்கவும் செய்யும். இறங்கினாலும் புதியதுதான் செல்லும், பழைய பட்டியலைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். "சும்மா போட்டுப் பார்ப்போம்" என்பவர்கள் இதைக் கேட்டதும் கொஞ்சம் யோசிப்பார்கள்.

மூன்றாவது, நான்காவது படம்: இரண்டு ‘தற்காலிக’

இந்தப் பகுதிக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அந்தப் பெண் இரண்டாம் சுற்றில் விருப்பப் பட்டியல் கொடுத்தாள். ஒரு காலையில் படம் வந்தது. `TENTATIVE ALLOTMENT` என்று தலைப்பு, கீழே ஒரு கல்லூரி, பாடப்பிரிவு, ஒதுக்கிய பிரிவு BC. அவளுடைய அம்மா வீட்டில் எல்லோருக்கும் இனிப்பு கொடுத்துவிட்டார். தமிழில் செய்தி போட்டவர்கள் ‘தற்காலிக ஒதுக்கீடு’ என்று போட்டிருந்தார்கள். சரி, தற்காலிகம்தானே, கொஞ்ச நாளில் உறுதி ஆகிவிடும் என்று வீட்டில் நினைத்துக்கொண்டார்கள். அங்கேதான் வினை.

அதற்குப் பிறகு வருவது `PROVISIONAL ALLOTMENT`. அதையும் தமிழில் ‘தற்காலிக ஒதுக்கீடு’ என்றுதான் எழுதுகிறோம். இரண்டுக்கும் ஒரே சொல். ஆனால் இரண்டும் வேறு வேறு கட்டங்கள், நடுவில் நீங்கள் செய்யவேண்டிய ஒரு வேலை இருக்கிறது.

`TENTATIVE` என்பதை ‘உத்தேசம்’ என்று படியுங்கள். உன் ரேங்குக்கும் நீ கொடுத்த பட்டியலுக்கும் இந்த இடம் வருகிறது, வேண்டுமா என்று கேட்கிறார்கள். பதில் சொல்ல வழக்கமாக இரண்டு நாள்தான் இருக்கும். பதில் சொல்லாமல் விட்டால் இடம் போய்விடும். தானாக உறுதி ஆகாது.

`PROVISIONAL` என்பதை ‘நிபந்தனைக்கு உட்பட்டது’ என்று படியுங்கள். நீங்கள் சம்மதம் சொல்லிவிட்டீர்கள், இடம் உங்கள் பெயரில் எழுதப்பட்டு ஆணை வந்துவிட்டது. நிபந்தனை என்னவென்றால், சொன்ன நாட்களுக்குள் போய்ப் பணம் கட்ட வேண்டும், அசல் சான்றிதழ்கள் விண்ணப்பத்தில் சொன்னதோடு ஒத்துப்போக வேண்டும். சாதிச் சான்றிதழில் ஒரு சிக்கல் என்றால் ஆணை இருந்தாலும் பயனில்லை.

எங்கள் கடைக்கு அவர்கள் வந்தது பதில் சொல்லவேண்டிய இரண்டாம் நாள் மதியம். அதுவும் பதில் சொல்ல வரவில்லை, அந்தப் படத்தைக் கலர் பிரிண்ட் எடுத்துக் கல்லூரிக்குக் கொண்டுபோகலாம் என்று வந்தார்கள். உள்ளே நுழைந்து பார்த்தால் ஐந்து தெரிவுகள் அப்படியே காத்துக்கொண்டிருந்தன.

அந்த ஐந்தில் முதல் இரண்டைத்தான் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். `Accept and Join` என்றால் இந்த இடமே போதும், சேர்கிறேன். அதற்குப் பிறகு `PROVISIONAL` ஆணையை இறக்கிக்கொண்டு, குறித்த நாட்களுக்குள் நேரே கல்லூரிக்குப் போய்ச் சேர வேண்டும். `Accept and Upward` என்றால் இந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறேன், ஆனால் என் பட்டியலில் இதற்கு மேலே எழுதியிருக்கும் இடம் எதுவும் காலியானால் அதற்கு மாற்றுங்கள் என்று அர்த்தம். இதைத் தெரிவு செய்தவர்கள் கல்லூரிக்குப் போகக் கூடாது, சேவை மையத்தில் கட்டணம் கட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். மற்ற மூன்றும் ‘வேண்டாம்’ என்பதன் மூன்று வகைகள். இந்த இடம் வேண்டாம், மேலே உள்ளது கிடைத்தால் மட்டும் கொடு. வேண்டாம், அடுத்த சுற்றுக்கு வருகிறேன். வேண்டாம், கலந்தாய்விலிருந்தே விலகுகிறேன்.

`Upward` என்பதில் பலருக்கு ஒரு தவறான நினைப்பு. மேலே ஒரு இடம் கிடைத்தால் இரண்டில் எது வேண்டும் என்று கேட்பார்கள் என்று நினைக்கிறார்கள். கேட்க மாட்டார்கள். மேலே கிடைத்த நொடியில் பழைய இடம் அடுத்தவருக்குப் போய்விடும். அதனால் அந்தத் தெரிவை அழுத்தும் முன் உங்கள் பட்டியலின் மேல்பகுதியை ஒருமுறை படித்துப் பாருங்கள். சும்மா எழுதி வைப்போமே என்று முன்னால் போட்ட தூரத்துக் கல்லூரி ஒன்று அங்கே உட்கார்ந்திருக்கலாம்.

இவளுக்குக் கிடைத்தது பட்டியலில் ஆறாவது விருப்பம். மேலே இருந்த ஐந்தில் நான்கு உண்மையிலேயே அவள் விரும்பியவை. மூன்றாவது விருப்பம் மட்டும், அவள் மாமா சொன்னார் என்று போட்டது, அவளுக்கு அந்தப் பாடப்பிரிவே பிடிக்காது. பட்டியலைப் பூட்டிய பிறகு அதை எடுக்க வழியில்லை. வீட்டில் பத்து நிமிடம் பேசினார்கள். கடைசியில் அவளே மவுஸை வாங்கி `Accept and Join` அழுத்தினாள். நான் அவள் இடத்தில் இருந்தால் மேலே போகும் வாய்ப்பைத்தான் எடுத்திருப்பேன் என்று தோன்றியது, ஆனால் படிக்கப்போவது நான் இல்லையே.

நான்காவது படம் அதற்குப் பிறகு வந்தது, `PROVISIONAL ALLOTMENT` ஆணை. இந்த முறை அவளுடைய அப்பா படத்தோடு நிற்காமல் ஆணையையே இறக்கிக்கொண்டார். அதில் நான் அவருக்கு வட்டமிட்டுக் கொடுத்தவை மூன்று. கடைசித் தேதி, கல்லூரியின் குறியீட்டு எண், ஒதுக்கிய பிரிவு. கல்லூரிப் பெயர்கள் பல ஒன்றுபோலவே இருக்கும், குறியீட்டு எண் மட்டும்தான் ஏமாற்றாது. ஒதுக்கிய பிரிவு BC என்று இருந்ததால் சாதிச் சான்றிதழின் அசல் இல்லாமல் அங்கே போவதில் அர்த்தமில்லை.

இதே சொல் வேறு இடங்களில்

`PROVISIONAL` என்ற சொல் எங்கே வந்தாலும் ஒரே பொருள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பட்டப்படிப்பு முடித்தவருக்குப் பல்கலைக்கழகம் தரும் புரொவிஷனல் சான்றிதழில் அந்தச் சொல்லுக்குப் பயப்பட ஒன்றுமில்லை. படிப்பு முடிந்துவிட்டது, தேர்ச்சியும் உறுதி. பட்டமளிப்பு விழாவில் பட்டம் கைக்கு வரும்வரை அதன் இடத்தில் இது நிற்கிறது. ஜே.இ.இ. போன்ற தேர்வுகளில் வரும் புரொவிஷனல் விடைக்குறிப்போ நேர் எதிர். தவறு இருந்தால் ஆட்சேபம் சொல்லுங்கள் என்று கூப்பிடுவதற்காகவே அதை வெளியிடுகிறார்கள். அதை வைத்துப் போட்ட மதிப்பெண் கணக்கு, இறுதி விடைக்குறிப்பு வரும்போது மாறலாம். டி.என்.பி.எஸ்.சி. பட்டியலில் தற்காலிகமாக அனுமதிக்கப்பட்டவர் என்று பெயர் வந்தால், முதன்மைத் தேர்வு, சான்றிதழ் சரிபார்ப்பு போன்ற அடுத்த கட்டத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று பொருள். வேலை கிடைத்துவிட்டது என்று பொருள் இல்லை.

அதனால் இப்போதெல்லாம் யாராவது அந்தச் சொல்லைக் காட்டி "இது நல்லதா கெட்டதா?" என்று கேட்டால், நான் திருப்பி இரண்டு கேள்வி கேட்கிறேன். அடுத்த வேலை யாருடையது, உங்களுடையதா அவர்களுடையதா? அதற்குக் கடைசி நாள் எது? ஸ்கிரீன்ஷாட்டில் இந்த இரண்டுக்கும் விடை இருப்பதில்லை. அந்தப் பக்கத்தைத் திறந்து கொஞ்சம் கீழே தள்ளிப் பார்த்தால் பெரும்பாலும் அங்கேயே எழுதியிருக்கும்.